ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுவது எப்படி: ஆபத்தின் அளவு கூடாமல், குறையாமல்

மருந்து ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவத்தை முதன்முதலாக மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கங்களில் ஒன்றில் சாய்கிறார்கள். சிலர் ஆங்கிலத்தின் ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது என்று பயந்து, பத்து வரி நீளும் வாக்கியங்களை எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது, கையெழுத்து மட்டும் விழும். வேறு சிலர் நோயாளிக்குப் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எளிமையாக்கிக்கொண்டே போகிறார்கள். புரிகிறது, ஆனால் புரிந்த விஷயம் மூலத்தில் இருப்பது இல்லை.

நான் பின்பற்றும் எல்லைக்கோடு இதுதான்: வாக்கியத்தின் அமைப்பில் உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. ஒரு வாக்கியத்தை நான்காக உடைக்கலாம், வரிசையை மாற்றலாம், செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கலாம். ஆனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு, எந்த அளவு உறுதியாக என்ற நான்கிலும் இம்மியளவும் கை வைக்கக் கூடாது.

விளக்கத்துக்காக ஒரு மாதிரிப் படிவத்தை அமைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருப்பவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை உதவுமா என்று ஒரு மருத்துவமனை ஆராய்கிறது. சேருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 500 மி.கி. மெட்ஃபார்மின், மீதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை. தினம் இரண்டு வேளை சாப்பாட்டோடு, 12 வாரங்களுக்கு. தொடக்கத்திலும் 4ஆம் வாரத்திலும் 12ஆம் வாரத்திலும் ரத்தப் பரிசோதனை. படிவம் கற்பனைதான், ஆனால் மெட்ஃபார்மினின் விளைவுகளாக இங்கே சொல்லப்படுபவை அந்த மருந்தின் அறியப்பட்ட விளைவுகள்.

பேனாவை எடுப்பதற்கு முன்

நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த ஆங்கிலப் படிவம்தான் உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்தின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். அவை இல்லாத கோப்பில் வேலையைத் தொடங்க வேண்டாம். கூடவே ஆய்வுத் திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை, எந்த வாரம் என்ன நடக்கும் என்ற அட்டவணை போதும். படிவத்தில் தெளிவில்லாத ஒரு வரி அந்த அட்டவணையில் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

பிறகு பென்சிலோடு ஆங்கிலப் படிவத்தை ஒருமுறை படித்து, எண்களையும், எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லும் சொற்களையும், நிபந்தனைகளையும் சுழித்து வையுங்கள். கடைசியில் சரிபார்க்கும்போது இந்தச் சுழிகளைத்தான் எண்ணப்போகிறீர்கள்.

இந்த வாசிப்பிலேயே ஆங்கிலத்தில் இருக்கும் பிழைகளும் கண்ணில் படும். ஓரிடத்தில் மூன்று முறை ரத்தம் எடுப்பதாகவும், இன்னோரிடத்தில் மொத்தம் 20 மி.லி. என்றும் இருக்கும். ஒவ்வொரு முறையும் 10 மி.லி. என்றால் மொத்தம் 30 வர வேண்டும். இதைத் தமிழில் சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஒரே ஆய்வுக்கு இரண்டு மொழிகளில் இரண்டு வேறு படிவங்கள் ஆகிவிடும். ஆய்வாளருக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி, அவர் ஆங்கிலத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்கிய பிறகு தமிழைத் தொடருங்கள்.

சில சொற்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

எல்லாச் சொற்களுக்கும் பட்டியல் தேவையில்லை. மாறினால் அர்த்தம் கெடும் சொற்களுக்கு மட்டும் போதும். இந்தப் படிவத்துக்கு எனக்கு முக்கியமாகத் தெரிபவை நான்கு.

பிளாசிபோ என்பதற்குப் 'போலி மருந்து' என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. நம் ஊரில் போலி மருந்து என்றால் கள்ளத்தனமாகத் தயாரித்து விற்பது, செய்தித்தாளில் போலீஸ் பிடித்ததாக வருவது. படிக்கிறவர் மிரண்டுபோவார், அல்லது மருத்துவமனை தன்னை ஏமாற்றுகிறது என்று நினைப்பார். 'மருந்து இல்லாத மாத்திரை' என்று எழுதி, முதல் இடத்தில் 'பார்க்க ஆய்வு மாத்திரை போலவே இருக்கும், ஆனால் இதில் மருந்து எதுவும் இல்லை' என்று சொல்லிவிட்டால் போதும்.

ரேண்டமைசேஷனுக்குக் 'குலுக்கல் முறை' என்பது பலரும் எழுதுவது. அது தவறில்லை, ஆனால் குலுக்கல் என்றதும் பரிசு விழுவது நினைவுக்கு வரும், மெட்ஃபார்மின் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி என்ற எண்ணமும் கூடவே வரும். மெட்ஃபார்மின் நல்லதா என்று தெரியாததால்தானே ஆய்வே நடக்கிறது. நாணயம் சுண்டுவதாகச் சொல்வதும் இங்கே பொருந்தாது, அது சரிபாதி வாய்ப்பு. நான் இப்படி எழுதுவேன்: 'உங்களுக்கு எந்த மாத்திரை என்பதைக் கணினி எந்த முன்தீர்மானமும் இல்லாமல் தேர்ந்தெடுக்கும். நீங்களோ உங்கள் மருத்துவரோ தேர்ந்தெடுக்க முடியாது. சேருகிற ஒவ்வொரு மூன்று பேரிலும் சராசரியாக இருவருக்கு மெட்ஃபார்மினும் ஒருவருக்கு மருந்து இல்லாத மாத்திரையும் கிடைக்கும்.'

மூன்றாவது, ஆய்வு மருந்து. மூலம் ஆய்வு மருந்து என்று சொல்லும் இடத்தில் 'சிகிச்சை' என்று எழுதாதீர்கள். சிகிச்சை என்றாலே குணமாக்குவது என்றுதான் நமக்குப் பொருள். படிவம் அப்படி எதையும் வாக்களிக்கவில்லை.

நான்காவது, 'மயக்கம்'. பேச்சில் தலைசுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொடுப்பதும் மயக்க ஊசி. ஒப்புதல் படிவத்தில் இந்தச் சொல்லை நான் தனியாக விடுவதே இல்லை. தலைசுற்றல், நினைவிழந்து விழுதல், தூக்கக் கலக்கம், அந்த இடம் மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி என்று எது உண்மையோ அதை விரித்து எழுதுகிறேன்.

படிவம் எந்த ஊருக்குப் போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாத்திரை, அறுவை சிகிச்சை, நர்ஸ் என்று எழுதினால் சரி. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ குளிசை, சத்திர சிகிச்சை, தாதி என்பவை பழகிய சொற்கள். ஒரே தமிழ்ப் படிவத்தை இரண்டு நாட்டுக்கும் அனுப்புவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது.

என்ன செய்வார்கள் என்ற பகுதி

இங்கே செயப்பாட்டு வினைதான் முதல் தொல்லை. 'இரத்த மாதிரி சேகரிக்கப்படும்' என்பதைவிட 'உங்கள் கை ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுப்போம்' என்பது காதில் விழும் தமிழ். ஆனால் 'நர்ஸ் ரத்தம் எடுப்பார்' என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை. யார் எடுப்பார் என்று மூலம் சொல்லவில்லை. அன்றைக்கு ஆய்வகப் பணியாளர் எடுத்தால் படிவம் பொய்யாகிவிடும்.

அளவைச் சொல்லும்போது மூலத்தில் டீஸ்பூன் என்று இருக்கிறதா, டேபிள்ஸ்பூனா என்று இருமுறை பாருங்கள். முன்னது 5 மி.லி., பின்னது 15 மி.லி. இரண்டையும் 'கரண்டி' என்று எழுதிவிட்டால் குழம்புக் கரண்டியை நினைப்பவரும் இருப்பார். 10 மி.லி. என்றால் 'சுமார் இரண்டு தேக்கரண்டி'. மி.லி. எண்ணையும் கூடவே எழுதுங்கள்.

வெறும் வயிறு இன்னொன்று. எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும் என்று மூலம் சொல்கிறது. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் காபி குடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், காபி அவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. தண்ணீர்கூடக் குடிக்காமல் வாடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். 'பரிசோதனைக்கு முந்தைய 8 மணி நேரத்தில் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். வேறு எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது' என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். காபி, டீ என்று பெயர் சொல்லி எழுத விரும்பினால் அது மூலத்தில் இல்லாத சேர்க்கை. அர்த்தம் மாறவில்லை என்றாலும் ஆய்வாளரிடம் கேட்டுவிட்டே சேர்ப்பேன்.

நேரக் கணக்கும் இதே மாதிரிதான். தினம் இருமுறை சாப்பாட்டோடு என்றால் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதக் கை துறுதுறுக்கும். மூலம் காலை, இரவு என்று சொல்லவில்லை என்றால் ஆய்வுத் திட்டத்தைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் 'தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டோடு' என்று நிறுத்திவிடுங்கள்.

ஆபத்துகள் என்ற பகுதி

மொழிபெயர்ப்பின் பாதி நேரத்தை நான் இந்தப் பகுதிக்கே ஒதுக்குவேன். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். மெட்ஃபார்மினால் லாக்டிக் அசிடோசிஸ் என்ற நிலை வரக்கூடும் என்றும், அது மிக அரிது என்றும், மரணத்தில் முடியக்கூடும் என்றும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்றும் ஆங்கிலம் ஒரே மூச்சில் சொல்கிறது. சொல்லுக்குச் சொல் போனால் இப்படி வரும்:

'மிக அரிதாக ஏற்படும், ஆனால் மரணத்தை விளைவிக்கக்கூடிய, சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களிடம் அதிகம் காணப்படும் லாக்டிக் அமிலத்தேக்கம் எனப்படும் நிலை மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கு ஏற்படலாம்.'

தகவல் எல்லாம் இருக்கிறது. ஆனால் எதைப் பற்றிய பேச்சு என்பது வாக்கியத்தின் பாதி தாண்டித்தான் தெரிகிறது. ஆங்கிலத்தில் பின்னால் தொங்கும் அடைமொழிகள் தமிழில் எல்லாம் முன்னால் வந்து குவிகின்றன. இதைப் பார்த்து ஒருவர் இப்படி எளிமையாக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'இந்த மாத்திரையால் எப்போதாவது ரத்தத்தில் ஒருவகை அமிலம் சேரலாம். பயப்பட வேண்டாம், இது மிகவும் அரிது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் வரும்.'

படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் நான்கு இடத்தில் தவறு. 'பயப்பட வேண்டாம்' என்பது மூலத்தில் இல்லை, பயப்படுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் படிக்கிறவர். மரணம் காணாமல் போய்விட்டது. 'எப்போதாவது' என்பது ஒரே ஆளுக்கு விட்டுவிட்டு வருவதைக் குறிக்கும், மூலம் பேசுவது எத்தனை பேருக்கு வரும் என்பதை. 'சில சமயம் வாந்தி வரும்' என்பதும் 'சிலருக்கு வாந்தி வரும்' என்பதும் ஒன்றல்ல, இந்த இரண்டும் படிவங்களில் அடிக்கடி இடம் மாறிக் கிடக்கும். கடைசியாக அந்தத் 'தான்'. அதிக வாய்ப்பு என்பதை அவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் 'எனக்கு வராது' என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவார். ஆபத்துப் பகுதியை எழுதி முடித்ததும் 'தான்', 'மட்டும்', 'கூட' ஆகிய மூன்றையும் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மூலத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் எழுதுவது இப்படி:

'மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களில் மிக மிகச் சிலருக்கு, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் என்ற பொருள் அளவுக்கு மீறிச் சேரக்கூடும். இது 10,000 பேரில் ஒருவருக்கு வருவதைவிடவும் அரிது. ஆனால் வந்தால் மரணம் நேரக்கூடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.'

'மரணம்' என்ற சொல்லைத் தமிழில் எழுத மனம் வராமல் போவது இயல்பு. அமங்கலச் சொல்லைத் தாளில் எழுதி நோயாளி கையில் கொடுப்பதா என்று தோன்றும். அதனால் 'உயிருக்கு ஆபத்து', 'விபரீதம்' என்றெல்லாம் ஒதுங்கிப் போகிறோம். உயிருக்கு ஆபத்து என்பது பிழைக்கவும் வாய்ப்புள்ள நிலை, அதற்கு ஆங்கிலத்தில் தனிச் சொல் உண்டு. மூலத்தில் அது இருந்தால் அப்படியே எழுதுங்கள். மூலம் மரணம் என்றால் மரணம் அல்லது இறப்பு என்றே எழுத வேண்டும்.

'மிக அரிது' என்பதற்கு நான் 10,000 என்ற எண்ணைப் போட்டது என் இஷ்டப்படி அல்ல, ஆய்வாளரிடம் கேட்டுச் சேர்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் குறிப்புகளில் இந்தச் சொற்களுக்கு நிர்ணயித்த வரம்புகள் உள்ளன. மிகப் பரவலானது என்றால் 10 பேரில் ஒருவர் அல்லது அதற்கு மேல். பரவலானது என்றால் 100 பேரில் ஒருவர் முதல் 10 பேருக்குள். மிக அரிது என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. மெட்ஃபார்மினின் குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி எல்லாம் முதல் வகை, லாக்டிக் அசிடோசிஸ் கடைசி வகை. உங்கள் ஆங்கிலப் படிவம் எண்ணைத் தந்திருந்தால் எண்ணை எழுதுங்கள். சொல்லை மட்டும் தந்திருந்தால், எண்ணையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

எண் எழுதும்போது ஒரு கவனம். ஆங்கிலத்தில் 100,000 என்று கமா போட்டிருப்பது நமக்கு 1,00,000, அதாவது ஒரு லட்சம். மில்லியன் என்றால் 10 லட்சம். இங்கே ஒரு சைபர் தவறினால் ஆபத்து பத்து மடங்கு மாறிவிடும்.

சீரியஸ், சிவியர் என்ற இரண்டையும் 'கடுமையான' என்று ஒரே சொல்லால் எழுதுவது ரொம்பப் பரவலான பிழை. சிவியர் என்பது எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு வாட்டுகிறது என்ற தீவிரம். கடுமையான தலைவலி சிவியர், ஆனால் வீட்டிலேயே இருந்து சரியாகிவிட்டால் பெரும்பாலும் அது சீரியஸ் வகையில் வராது. ஆய்வுகளில் சீரியஸ் என்பது மரணம், உயிருக்கு உடனடி ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வருவது அல்லது அங்கே தங்குவது நீள்வது, நிரந்தர ஊனம், பிறக்கும் குழந்தைக்குக் குறை போன்றவற்றைக் குறிக்கும் வரையறுத்த சொல். நான் சிவியருக்குக் 'கடுமையான' என்று வைத்துக்கொண்டு, சீரியஸுக்கு அந்த விளைவுகளையே முதல் இடத்தில் விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு 'பெரும் பாதிப்பு' என்று எழுதுகிறேன். மாரடைப்பும் இதயத் துடிப்பு நின்றுபோவதும் அப்படித்தான். செய்தித்தாள்கள் இரண்டையும் மாரடைப்பு என்றே எழுதும், படிவத்தில் அவை இரண்டு வேறு ஆபத்துகள்.

அப்புறம் அந்த '-லாம்'. 'தலைசுற்றல் வரலாம்' என்பது வாய்ப்பு. 'நீங்கள் விலகலாம்' என்பது அனுமதி. 'மருத்துவர் மாத்திரையை நிறுத்தலாம்' என்றால்? இரண்டு விதமாகவும் படிக்கலாம். நான் வாய்ப்புக்கு 'கூடும்' என்றும் அனுமதிக்கு '-லாம்' என்றும் படிவம் முழுக்க ஒரே ஒழுங்கில் வைத்துக்கொள்கிறேன். 'வரும்' என்ற உறுதியான எதிர்காலம் மூலம் உறுதியாகச் சொன்ன இடத்தில் மட்டும். இன்னும் தெரியாத ஆபத்துகள் இருக்கக்கூடும் என்ற வரியும் பெரும்பாலான படிவங்களில் உண்டு. அதை 'வேறு ஆபத்துகள் எதுவும் தெரியவில்லை' என்று எழுதினால், படிக்கிறவர் வேறு ஆபத்து இல்லை என்றே எடுத்துக்கொள்வார். 'எங்களுக்கு இதுவரை தெரியாத ஆபத்துகளும் இருக்கக்கூடும்' என்று எழுதுங்கள்.

திருப்பி மொழிபெயர்த்துப் பார்ப்பது

தமிழ் வரைவு முடிந்ததும், ஆங்கில மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். அவரிடம் 'நல்ல ஆங்கிலம் வேண்டாம், தமிழில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள மருத்துவ மொழிபெயர்ப்பாளர் இதற்கு அவ்வளவு பொருத்தமில்லை. தமிழில் குழப்பம் இருந்தாலும் அவர் என்னவாக இருக்கும் என்று ஊகித்துச் சரியான ஆங்கிலத்தை எழுதிவிடுவார், பிழை மறைந்துவிடும்.

இரண்டு ஆங்கிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பு பென்சிலில் சுழித்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். சொற்கள் வேறாக இருப்பது பெரிய விஷயமில்லை. கூடியது, குறைந்தது, பெருத்தது, சிறுத்தது எது என்பதுதான் கேள்வி. மேலே பார்த்த எளிய வரியைத் திருப்பினால் 'பயப்பட வேண்டாம்' என்பது ஆங்கிலத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், மரணம் விடுபட்டதும் தெரிந்துவிடும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. சொல்லுக்குச் சொல் எழுதிய அந்த முதல் வாக்கியம் திருப்பினால் அச்சுப் பிசகாமல் மூலத்தைப் போலவே வரும். யாருக்கும் புரியாத தமிழ் இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். அதனால் அடுத்த படி கட்டாயம்.

படிக்க வைத்துக் கேட்பது

ஆய்வில் சேரக்கூடியவர்களைப் போன்ற சிலரிடம், சேராதவர்களாகப் பார்த்து, படிவத்தைக் கொடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், படிக்கத் தெரியாமல் கேட்டுப் புரிந்துகொள்கிறவர் இருவரும் இருக்கட்டும். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். மருத்துவமனை விஷயம் என்றாலே 'புரிஞ்சுது சார்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 'உங்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் கட்டாயம் மருந்து இருக்குமா?' 'எந்த மாத்திரை என்று யார் முடிவு செய்வார்?' 'இந்த மாத்திரையால் நடக்கக்கூடியதில் மிக மோசமானது எது? அது நிறைய பேருக்கு வருமா?' 'நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்? அதனால் உங்கள் வழக்கமான வைத்தியம் நிற்குமா?'

பதில் தவறினால் படிவத்தில் எந்த வரி அவரை அங்கே கொண்டுபோனது என்று கேளுங்கள். 'மருத்துவர் பார்த்து எனக்குச் சரியானதைக் கொடுப்பார்' என்று இரண்டு பேர் சொன்னால், கணினி தேர்ந்தெடுக்கும் வரி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வரியை மாற்றினால், மாற்றிய வரி மட்டும் மறுபடி திருப்பு மொழிபெயர்ப்புக்குப் போக வேண்டும்.

பதிப்பு எண்ணும் குழுவும்

இந்தியாவில் புதிய மருந்து ஆய்வுகளுக்கு 2019ஆம் ஆண்டின் விதிகள் பொருந்தும். பங்கேற்பவருக்குப் புரியும், துறைச்சொல் இல்லாத மொழியில் தகவல் தர வேண்டும் என்று அவை கேட்கின்றன. தமிழ்ப் படிவமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே யார் கையிலும் போக வேண்டும். தமிழ்ப் படிவம், திருப்பு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமிட்ட சான்று மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். தமிழ்ப் படிவத்தின் அடியில் அதன் சொந்தப் பதிப்பு எண், தேதி, எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து வந்தது என்பது மூன்றும் இருக்கட்டும்.

படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை கூட இருந்து கையெழுத்திட வேண்டும். அவருக்கான இடம் உங்கள் தமிழ்ப் படிவத்தில் விட்டுப்போகாமல் பாருங்கள். சாட்சியின் உறுதிமொழியும் மொழிபெயர்க்க வேண்டிய பகுதிதான், கடைசிப் பக்கம் என்பதால் அது அவசரத்தில் விடுபடும்.

ஆய்வு நடுவில் புதிய பக்க விளைவு ஒன்று தெரியவந்து ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்ந்தால், அந்த வரியை மட்டும் மொழிபெயர்த்து ஒட்டிவிடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள பத்தியைப் பழைய பதிப்போடு வைத்துப் படியுங்கள். முன்பு '-லாம்' இருந்த இடத்தில் இப்போது 'கூடும்' வந்திருந்தால், பழைய படிவத்தில் கையெழுத்திட்டவருக்கு ஆபத்தே மாறிவிட்டது போல் தோன்றும். புதிய பதிப்புக்கு எண் மாற்றி, குழுவின் ஒப்புதல் வந்த தேதியைக் குறித்து, பழைய தாள்களை வார்டிலிருந்தும் வெளிநோயாளிப் பிரிவிலிருந்தும் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆய்வு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிடுங்கள்.